இரவு இரண்டு மணிக்கான சொற்கள்

சண்டிலிப்பாயில் மகளின் வாடகை வீட்டில் நிற்கிறேன். பேத்தி பிறந்து 9 நாள். இரவு இரண்டு மணிக்கு நாலாவது தடவையாக அழுதாள். "எனக்குத்தான் வளர்க்கத் தெரியல்ல, உம்மா" என்றாள் மகள். "சந்தோஷமா இரு மகள், இது அல்லாஹ்வின் ரஹ்மத்" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் வந்த குடும்பநல மாது உபதேசம் செய்யவில்லை. "பச்சைப் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. அது பிடிபட இரண்டு மூன்று மாதம் செல்லும். நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்கும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரவு பொய்யாக்கிவிடக்கூடிய சொல் ஆறுதலாகாது. "இன்றைக்கு நன்றாக உறங்குவாய்" என்றால், விடியும்போது அவள் இன்னொரு தடவை தோற்றிருப்பாள். அதனால் உண்மையானதை மட்டும் சொல்லப் பழகினோம்.

"இன்றிரவும் எழும்பத்தான் வேணும். இது என் பிழையில்லை."

"இந்த ஒரு தடவை கொடுத்தால் போதும். அடுத்ததை அப்போது பார்ப்பேன்."

"களைப்பு வேறு, பாசமின்மை வேறு."

நிபாஸ் நாட்களில் தொழுகைக்கே விலக்கிருக்கிறது; அடுப்படிக்கு இல்லையா? பால் கொடுத்ததும் பிள்ளையை நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் உறங்குகிறாள்.

குடும்பநல மாது ஓர் எல்லையும் சொன்னார். பிள்ளை உறங்கியும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினால், வைத்தியரிடம் போக வேண்டும். தன்னையோ பிள்ளையையோ வருத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அங்கே சொற்கள் போதாது.

நேற்றிரவு மகள் புதிதாக ஒன்று சொன்னாள்: "உம்மா, பிடியுங்கோ."