கன்னம் வச்ச பையனும் பேரில்லாத லேகியமும்

மாட்டுச் சந்தைக்குப் போனால் நாங்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டோம். தொடையில விரலை வச்சு அமுக்குவோம். நல்ல சதையா இருந்தா அமுக்கின இடம் உடனே மேலே வந்துரும். நீர் கோத்த உடம்புன்னா குழி அப்படியே நிக்கும். வங்கதேசத்துல பக்ரீத்துக்கு முன்னாடி மாட்டைச் சீக்கிரம் பெருக்க வைக்க டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டைக் கொடுக்கிறது வழக்கமாகிப் போச்சு. அங்கேயும் வாங்குறவங்க இப்படித்தான் அமுக்கிப் பார்க்கிறாங்க. அதே மாத்திரையைத் தவுலத்தியா போன்ற விபசார விடுதிகளில், ஒல்லியான சின்னப் பெண்களைப் பருமனாக் காட்டவும் கொடுத்தார்கள். 2010-ஐ ஒட்டி அது பெரிய செய்தியாக வந்தது.

எங்கேயோ நடக்கிற சங்கதின்னு நினைக்காதீங்க. எங்க பண்ணைப்புரத்துல எனக்கு மதினி முறை ஆகிற ஒருத்தங்க பேரன், ஒன்பது வயசு, ஓணான் மாதிரி இருப்பான். ஊர் ஊரா வர்ற ஒரு ஆளிடம் லேகிய டப்பா வாங்கினாங்க. மேல ஒரு எழுத்து இல்ல. "மூலிகைதான், பக்க விளைவே கிடையாது" என்றானாம். காலையும் ராத்திரியும் ஒரு ஸ்பூன்.

பதினஞ்சு நாளிலேயே பையன் சோத்துக்குப் பறந்தான். "பாருங்க கொழுந்தனாரே, கன்னம் வச்சிருச்சு"ன்னு மதினிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தக் கன்னம் பிடிக்கல. முகம் நிலா மாதிரி உருண்டு, வயிறு முன்னால தள்ளி, கையும் காலும் மட்டும் பழைய குச்சியாவே இருந்துச்சு. மேலுதட்டுல பூனை முடி. அமுக்கரா லேகியம் எங்க வீட்டிலேயும் சாப்பிட்டிருக்கோம், இந்த வேகத்துல எதுவும் ஏறாது.

மூணு மாசம் கழிச்சு விற்கிற ஆள் வரல, டப்பா தீர்ந்துச்சு. ஒரு வாரத்துல பையன் சோர்ந்தான். அடுத்து சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது, ஆனா வாந்தி நிக்கல, எந்திரிச்சா கண்ணை இருட்டிக்கிட்டு விழுந்தான். தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நான் வற்புறுத்தி அந்தக் காலி டப்பாவையும் எடுத்துக்கிட்டேன்.

டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு அட்ரீனல் சுரப்பி இருக்கு. கார்ட்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்கிறது அதுதான். பெரியவங்க உடம்பே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10-ல இருந்து 20 மில்லிகிராம்தான் செய்யுமாம். டெக்சாமெத்தசோன் அதைவிட 25 மடங்குக்குக் குறையாத வீரியம். அதனால அரை மில்லிகிராம் மாத்திரை ஒண்ணே பெரியவருடைய ஒரு நாள் தேவையை முடிச்சுரும். சின்னப் பிள்ளைக்கு அதுல பாதியே அதிகம். வெளியிலிருந்து தினமும் வந்தா சுரப்பி வேலையை நிறுத்தித் தூங்கிரும். மருந்தைத் திடீர்னு நிறுத்தினா அது உடனே எந்திரிக்காது. அப்பத்தான் ஒரு காய்ச்சலே ஆளைச் சாய்க்கும்.

கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ஆச்சரியம். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்த்தாங்க. உருண்ட முகத்தைப் பார்த்தா அது எக்கச்சக்கமா இருக்கணும். இருந்ததோ மிகக் குறைவு. டெக்சாமெத்தசோன் அந்தப் பரிசோதனையில கார்ட்டிசாலா தெரியாதாம். உடம்பு ஒண்ணு சொல்ல, ரத்தம் வேற சொன்னா, ஸ்டீராய்டு வெளியிலிருந்து உள்ளே போயிருக்குன்னு அர்த்தம்.

சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் போட்டாங்க. பிறகு அதே ஹார்மோனை மாத்திரையாக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா அளவைக் குறைச்சுட்டு வர்றாங்க. காய்ச்சல், வாந்தி வந்தா அளவைக் கூட்டணும்னு மதினிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆகவே உங்க சொந்தத்துல யாராவது இப்படி மாசக்கணக்கில சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, பதறிப்போய் டப்பாவைத் தூக்கி எறியாதீங்க. சாப்பிட்டதை அப்படியே எடுத்துக்கிட்டு அன்னைக்கே டாக்டரிடம் போங்க.

சில டானிக்குல சைப்ரோஹெப்டடின் என்கிற அலர்ஜி மாத்திரையைக் கலக்கிறதும் உண்டு. அது பசியைத் தூண்டும், கூடவே தூக்கமும் வரும். சாப்பிட்ட பிள்ளை பகல்ல மசமசன்னு இருந்தா சந்தேகப்படலாம்.

சித்த மருந்தானாலும் விற்பனைக்கு வந்தா, செய்தவர் பேர், விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், என்னென்ன சரக்குங்கிறது எல்லாம் டப்பா மேல இருக்கணும்னு 1945 மருந்து விதிகள் சொல்லுது. எங்க மதினி டப்பாவுல இருந்தது ஒரு ரப்பர் பேண்டு மட்டும்தான்.

பையனுக்கு முகம் வத்திருச்சு. திரும்பவும் ஒல்லிதான். தொடையில செவந்த கோடுகள் இன்னும் மறையல. எடையோட உயரத்தையும் அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க, ஏன்னா ஸ்டீராய்டு உடம்பைப் பெருக்க வச்சாலும் வளர்த்தியைப் பிடிச்சு நிறுத்திரும். மதினி வீட்டு நிலைப்படியில ரெண்டு மாசமா ஒரே இடத்துல பென்சில் கோடு இருந்துச்சு. போன வாரம் போனப்ப அதுக்கு மேல புதுசா ஒண்ணு போட்டிருந்தாங்க.