உடலுக்குள் ஓடும் ஊர்க் கடிகாரம்

கடல் கடந்து வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் பலர், போய் இறங்கியதும் கூறும் முதற்சொல் "தலை வலிக்கிறது" என்பதே. ஒரு கோடையில் என் உம்மாவை நியூ ஜெர்சியிலுள்ள தம்பியின் இல்லத்திற்கு அழைத்துச் சென்றபோது இதனை அருகிருந்து கண்டேன்.

அங்குக் கோடையில் பிற்பகல் 2 மணியெனில், நமக்கு இரவு 11.30 மணி. கைக்கடிகாரத்தை நொடியில் திருத்திவிடலாம். உடற்கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரும். ஆதலின் உம்மாவுக்குப் பகலில் கண் செருகியது. பின்னிரவு 3 மணிக்கு விழிப்பு வந்தது.

தலைவலிக்கு உறக்கக்கேடு மட்டுமே காரணமன்று. விமானத்தினுள் காற்று மலைமேலுள்ளதுபோல் மெலிந்தும், மிக வறண்டும் இருக்கும். நாள்தோறும் காப்பி அருந்துவோர்க்கு அது தவறினாலும் தலை வலிக்கும். ஒரு குவளை அருந்திய ஒரு மணி நேரத்திற்குள் வலி தணிந்தால், காரணம் பெரும்பாலும் அதுவே. உம்மாவுக்கு அவ்வாறே தணிந்தது.

உறக்கத்தைச் சீர்செய்ய வெளிச்சமே துணை. மேற்கே சென்றவர் உடற்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஆகவே முதல் சில நாள்கள் பிற்பகலிலும் மாலையிலும் உம்மாவை வெளியே நடக்கச் செய்தோம். தாங்கவியலாதபோது அரைமணி நேரம் மட்டும் உறங்கவிட்டோம். நண்பகலுக்குப்பின் காப்பி தரவில்லை. இரவு 9 மணிக்கு முன் படுக்கவிடவில்லை. ஒரு வாரத்திற்குப்பின் விடியும்வரை உறங்கினார்.

ஒன்று நினைவிற்கொள்க: திடீரெனக் கடுமையாக வலித்தாலோ, கைகால் தளர்ந்து நாக்குழறினாலோ, அதனைப் பயணக் களைப்பென எண்ணிப் படுத்திருத்தலாகாது, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.