மன்னிப்புக்குப் பின் ஒரு தேதி

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம், சொன்ன தேதியில் சரக்கை அனுப்பத் தவறினால் மறுநாள் காலை பையருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அதில் பெரும்பாலும் மூன்று செய்திகள் இருக்கும்: தாமதத்துக்கு வருந்துகிறோம், எதிர்பாராத காரணம் நேர்ந்துவிட்டது, கூடிய விரைவில் அனுப்பிவிடுகிறோம். இந்த மூன்றையும் படித்து முடித்த பிறகும் பையரால் எந்த வேலையையும் தொடங்க முடியாது. கடையில் விற்பனை தொடங்கும் நாளைத் தள்ளுவதா, ஏற்கெனவே பதிவான கப்பல் இடத்தை வைத்துக்கொள்வதா, வங்கியில் எல்.சி.யைத் திருத்தச் சொல்வதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளை எடுக்கத் தேவையான விவரங்களைக் கொடுப்பதுதான் மன்னிப்பு மின்னஞ்சலின் முதல் வேலை என்பது என் கருத்து. விவரங்கள் முழுமையாக இருந்தால், வருத்தத்தைச் சொல்ல ஒரே வாக்கியம் போதும்.

கணக்கு வசதிக்காக ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கான டி-சர்ட் 24,000 பீஸ். வெள்ளை, சாம்பல் மெலஞ்ச், நேவி ப்ளூ என மூன்று நிறத்திலும் எட்டாயிரம். நேவி பீஸில் கழுத்துப்பட்டி வெள்ளை. தொழிற்சாலையை விட்டுச் சரக்கு கிளம்ப வேண்டிய நாள் செப்டம்பர் 8, திங்கட்கிழமை. அன்று மாலை வந்த லேப் ரிப்போர்ட்டில், தைத்து முடித்த நேவி பீஸைச் சோதனைக்குத் துவைத்தபோது நீலச்சாயம் இறங்கி வெள்ளைக் கழுத்தில் ஏறியிருப்பது தெரிகிறது. நேவி துணி இரண்டு லாட்டாகச் சாயமேற்றப்பட்டது. முதல் லாட்டில் 3,000 பீஸ், அவை தேறிவிட்டன. இரண்டாவது லாட்டில் 5,000 பீஸ், அவைதான் தவறின. துணியாக இருந்தபோது முதல் லாட்டுக்கு மட்டும் சோதனை நடந்தது. அதன் முடிவை நம்பி இரண்டாவது லாட் நேராகக் கட்டிங்குக்குப் போய்விட்டது. பருத்தியில் இந்தச் சாயத்தை ஏற்றிய பின், நூலில் பிடிக்காமல் மிஞ்சிய சாயம் போகும்வரை கொதிநிலையில் சோப்பு போட்டு அலச வேண்டும். அந்த அலசல் குறைந்தால், மிஞ்சிய சாயம் முதல் சலவையிலேயே வெளியே வரும். துணியாக இருந்திருந்தால் மறுபடி அலசித் தப்பித்திருக்கலாம். வெள்ளைக் கழுத்தோடு தைத்துவிட்ட பீஸை அலசினால் கழுத்தும் சேர்ந்து நீலமாகும். ஆகவே 5,000 பீஸையும் நூலிலிருந்து மறுபடி செய்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான மின்னஞ்சல்கள் தடம் மாறுகின்றன. பையருக்குக் கோபம் வரக்கூடாது என்ற எண்ணத்தில் 'பத்து நாளில் தருகிறோம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பத்து, எந்தக் கணக்கிலிருந்தும் வந்ததல்ல. பையர் பொறுத்துக்கொள்வார் என்று ஊகித்த எண். உண்மையான தேதியை வேலையின் வரிசையிலிருந்துதான் எடுக்க முடியும். ஒரு பீஸுக்குச் சுமார் 140 கிராம் என்றால் 700 கிலோ துணி வேண்டும். நூல் எடுத்து நிட்டிங் முடிய 9 முதல் 11 வரை மூன்று நாள். சாயம், உலர்த்தல், காம்பாக்டிங் நான்கு நாள். நடுவில் ஞாயிறு வருவதால் 16-ஆம் தேதி ஆகிவிடும். லேப் சோதனை இரண்டு நாள், 18. கட்டிங் 19. தையலில் முதல் நாள் 800 பீஸ்தான் இறங்கும்; அதன்பின் நாளுக்கு 1,400 வீதம் மூன்று நாள் தைத்தால் 5,000 நிறையும். மறுபடி ஒரு ஞாயிறைக் கழித்தால் அது 24-ஆம் தேதி. செக்கிங், அயனிங், பேக்கிங் 25. பைனல் இன்ஸ்பெக்‌ஷன் 26. சரக்கு கிளம்புவது 27. எங்கும் எதுவும் பிசகாமல் இருந்தால்தான் இந்த 27. அதனால் பையருக்குச் சொல்ல வேண்டிய தேதி 30. தொழிற்சாலைக்குள் துரத்த வேண்டிய தேதி 27. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

அந்த மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும், அதன் சாரம் இவ்வளவுதான்: "நேற்று கிளம்ப வேண்டிய 24,000 பீஸ் கிளம்பவில்லை. 19,000 பீஸ் பேக் ஆகித் தயாராக இருக்கிறது. நேவியில் 5,000 பீஸ் சலவைச் சோதனையில் சாயம் விட்டது. இரண்டாவது லாட்டைச் சோதிக்காமல் வெட்டியது எங்கள் தவறு, மன்னிக்க வேண்டுகிறோம். 5,000 பீஸைப் புதிதாகச் செய்து செப்டம்பர் 30 அன்று அனுப்புகிறோம். தயாரான 19,000 பீஸை இப்போதே கப்பலில் அனுப்பி, மீதியை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பலாம். அல்லது எல்லாவற்றையும் 30-ஆம் தேதி கப்பலுக்கு ஒன்றாகத் தரலாம். முதல் வழி என்றால் எல்.சி.யில் இரண்டு திருத்தம் வேண்டும். 11-ஆம் தேதிக்குள் தங்கள் முடிவைச் சொல்லுங்கள். 18-ஆம் தேதி மாலை புதிய துணியின் லேப் ரிப்போர்ட் தங்களுக்கு வரும். அது தேறாவிட்டால், அந்த 5,000 பீஸைத் தாங்கள் ரத்து செய்யலாம். இனி ஒவ்வொரு லாட்டையும் தனித்தனியாகச் சோதித்த பிறகே கட்டிங்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. விமானத்தை முன்வைப்பது ஏன்? நமக்குத் தொழிற்சாலைத் தேதி முக்கியம். பையருக்கோ தன் கிடங்கில் சரக்கு இறங்கும் தேதிதான் முக்கியம். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் பெட்டி பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பா சேரப் பல வாரங்கள் ஆகும். விமானச் சரக்கு சில நாளில் சேரும். ஆகவே 22 நாள் பிந்திக் கிளம்பும் 5,000 பீஸ், முன்னால் போன 19,000 பீஸுடன் ஏறக்குறைய ஒரே வாரத்தில் சேர முடியும். அந்த 5,000 பீஸின் லாபம் முழுவதையும் விமானக் கட்டணம் விழுங்கிவிடலாம். ஆனால் மொத்த ஆர்டரும் கேன்சலாகும் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால் அது சிறிய செலவு.

எல்.சி. திருத்தத்தைக் கேட்பதும் அப்படியே. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணத்தை மட்டுமே பார்க்கும். பி.எல்.லில் உள்ள தேதி எல்.சி.யின் கடைசி ஷிப்மெண்ட் தேதியைத் தாண்டியிருந்தால், பையர் சம்மதித்தாலொழிய பணம் நிற்கும். சரக்கைப் பிரித்து அனுப்புவதை எல்.சி. தடுக்காவிட்டால் அனுமதி உண்டு என்பது சர்வதேச விதி. ஆனால் இந்த ஆர்டரின் எல்.சி. அதைத் தடுத்திருப்பதாகக் கொண்டால், தடையை நீக்குவதும், மீதிச் சரக்குக்குத் தேதியை நீட்டி விமானத்தில் அனுப்ப வழிவிடுவதும் பையர் தன் வங்கியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு நாள் பிடிக்கும். இதைச் சொல்லாத மன்னிப்புக் கடிதம், தாமதத்தின் மேல் இன்னொரு தாமதத்தைச் சேர்க்கும்.

இவ்வளவு வெளிப்படையாகத் தவறை எழுதிக்கொடுத்தால் நாளை நஷ்டஈடு கேட்கும்போது அதுவே சாட்சியாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தாமதத்துக்கான சாட்சி பி.எல். தேதியிலும் லேப் ரிப்போர்ட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. மின்னஞ்சலில் மறைத்து அதை இல்லாமல் செய்ய முடியாது. தவிர்க்க வேண்டியது வேறு: 'உங்கள் இழப்பு முழுவதையும் ஏற்கிறோம்' என்பதுபோல் அளவு தெரியாத வாக்குறுதி. நடந்ததைச் சொல்வதும், 'விமானக் கட்டணம் எங்களுடையது' என்று எல்லை கட்டிய பொறுப்பை ஏற்பதும் பாதுகாப்பானவை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, தேதி முக்கியமான ஒப்பந்தத்தில் பிந்தி வந்ததை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே அறிவித்திருந்தால்தான் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியும். ஆகவே உள்நாட்டு வாடிக்கையாளர் 'எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று பதில் எழுதினால் அதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் தன் உரிமையைக் காத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு, ஓவர்டைம் போட்டு ஒரு வாரத்தைப் பிடித்துவிடலாமே என்பது. இந்த ஆர்டரின் 18 நாள் பயணத்தில் தையல் நான்கு நாள்தான். இரவெல்லாம் தைத்தாலும் மிச்சமாவது ஒன்றிரண்டு நாள். நிட்டிங்கும் சாயமும் லேபும் தையல் டேபிளின் வேகத்துக்கு வளைந்து கொடுக்காது. திருப்பூரில் சாயப்பட்டறையை நினைத்த நேரத்தில் மாற்றவும் முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு ஒரு பட்டறை ஒரு நாளில் எவ்வளவு சாயமேற்றலாம் என்பது அது சேர்ந்திருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவோடு கட்டப்பட்டது. அவசரம் என்றாலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. வரம்பு மீறிய மணிநேரம் பையரின் ஆடிட்டில் பிடிபட்டால், ஒரு ஆர்டரின் தாமதத்தைவிடப் பெரிய சிக்கலாகிவிடும்.

மூன்றாவது, பழியைச் சாயப்பட்டறை மேல் போட்டுவிடலாம் என்ற எண்ணம். அலசல் குறைந்தது அங்கேதான் என்பது உண்மை. ஆனால் பையர் ஒப்பந்தம் போட்டது ஏற்றுமதியாளரோடு. இரண்டாவது லாட்டைச் சோதிக்காமல் வெட்டச் சொன்னதும் ஏற்றுமதியாளர்தான். காரணத்தைச் சொல்வது பரிகாரம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பையர் பார்த்துக்கொள்வதற்காக. 'லாட்டுக்கு லாட் சோதனை' என்ற பரிகாரம் 'ஒரு லாட்டைச் சோதிக்கவில்லை' என்ற காரணத்துக்குப் பொருந்துகிறது. 'பட்டறை தாமதித்தது' என்று எழுதினால் எந்தப் பரிகாரமும் அதற்குப் பொருந்தாது.

திட்டம் மெய்யா என்பதை 18-ஆம் தேதி சொல்லிவிடும். அன்று லேப் ரிப்போர்ட் பையருக்குப் போகாவிட்டால், 30-ஆம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே அவர் எச்சரிக்கையாகிவிடுவார். போய்விட்டால், 'நன்றாக நடக்கிறது' என்று தினமும் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இத்தகைய ஒரு நடுத்தேதி இல்லாத திட்டம், கடைசி நாள்வரை வெறும் நம்பிக்கை மட்டுமே. முதல் தேதி தவறியதைப் பல பையர்கள் மன்னித்துவிடுவார்கள், ஏனென்றால் இந்தத் தொழிலில் தேதி தவறாத தொழிற்சாலை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். மன்னிப்புக் கடிதத்திலேயே கொடுத்த இரண்டாவது தேதியும் தவறினால், அடுத்த ஆர்டருக்கு அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். ஆகவே எழுத உட்காருமுன் நிட்டிங்கிலிருந்து பேக்கிங்வரை நாட்களை எண்ணிப் பாருங்கள். எண்ணி வந்த தேதி எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அதையே எழுதுங்கள்.