கிரைண்டரும் என் கோபக் கடிதமும்

வாங்கி நாலே மாதத்தில் எங்கள் வீட்டு கிரைண்டர் நின்றுவிட்டது. சீவலப்பேரியிலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலிக் கடைக்கு மூன்று நடை! ஒவ்வொரு தடவையும், "மெக்கானிக் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பதில்தான். வந்த ஆத்திரத்தில், 'ஏமாற்றுக்காரர்களே!' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன்.

வாங்கிப் படித்த மதினி, "ஏட்டி, திட்டு எல்லாம் இருக்கு. பில் நம்பர் எங்கே? உனக்கு என்ன வேணும்னே சொல்லலியே!" என்றார்.

வாஸ்தவம்தான். 'இதற்கு ஒரு முடிவு கட்டுங்கள்' என்றல்லவா முடித்திருந்தேன்!

மறுபடி உட்கார்ந்தேன். முதலில் பில் எண், வாங்கிய தேதி, இரண்டு வருட வாரண்டி. 'ஏமாற்றுக்காரர்' இருந்த இடத்தில், 'ஜூலை 4, 9, 15 தேதிகளில் நேரில் வந்தும் பழுது பார்க்கப்படவில்லை' என்று எழுதினேன். அந்தத் தேதிகளிலேயே போதுமான சூடு இருந்தது. கடைசியில், 'கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இலவசமாகப் பழுது நீக்கித் தரவும். இயலாவிட்டால் வேறு கிரைண்டர் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்.' போலீஸ், பேப்பர் என்று மிரட்டியதை எல்லாம் அடித்துவிட்டேன். செய்யப் போகாததை எழுதினால் யார் பயப்படுவார்கள்?

பில்லின் ஜெராக்ஸை மட்டும் இணைத்து (ஒரிஜினலை விடுவேனா?) ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். 11-ஆம் நாள் மெக்கானிக் எங்கள் வாசலில் நின்றார்.