கடைசிச் சொல்லைப் பாருங்கள்

பெற்றார் கூட்டத்துக்கு டெங்கு பற்றி ஒரு ஸ்லைட் தயாரிக்கச் சொன்னால் நாங்கள் ஆசிரியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறோம். தலைப்பு: பெற்றார் செய்ய வேண்டியவை.

• நீர் தேங்கும் பாத்திரங்கள்
• வாரம் ஒருமுறை சுத்தம் செய்தல்
• டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும்
• காய்ச்சல் 2 நாள் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்
• பரசிட்டமோல் மட்டும்
• அஸ்பிரின் கொடுக்காதீர்கள்

எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் வாசிக்கும்போது எங்கோ தட்டுகிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். பாத்திரங்கள், செய்தல், கடிக்கும், வேண்டும், மட்டும், கொடுக்காதீர்கள். ஆறு வரி, ஆறு விதம். தமிழில் வினை வரியின் முடிவில் வருவதால் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் அங்கேதான் தெரியும். ஆங்கில ஸ்லைடில் என்றால் முதல் சொல்லைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்த வடிவம் என்று தீர்மானிக்க வேண்டும். பாடக்குறிப்பில் "செய்தல்" நன்றாக இருக்கும். இங்கே "கொடுக்காதீர்கள்" என்று ஒரு தடை இருக்கிறது. அதைக் "கொடுக்காதிருத்தல்" ஆக்கினால் கேட்பவருக்குப் பாரமாகிவிடும். ஆகவே மற்ற எல்லாவற்றையும் "-ங்கள்" என்று முடிப்போம்.

இப்போதுதான் உண்மையான பிழைகள் வெளியே வரும். பாத்திரங்களை என்ன செய்வது? அந்த வரியில் வினையே இல்லை. "பரசிட்டமோல் மட்டும்" என்பதும் அப்படித்தான். பரசிட்டமோல் மட்டும் போதும், வைத்தியர் தேவையில்லை என்று ஒரு தாய் விளங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? நுளம்பு கடிக்கும் நேரம் ஒரு செய்தி. அது பெற்றார் செய்யும் வேலை அல்ல. அதை வலிந்து இந்தப் பட்டியலுக்குள் திருப்ப வேண்டாம், வேறு ஸ்லைடுக்கு அனுப்புங்கள்.

திருத்திய பின்:

• நீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள்
• பூச்சாடித் தட்டுகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்
• காய்ச்சல் 2 நாள் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்
• காய்ச்சலுக்குப் பரசிட்டமோலை மட்டும் அளவோடு கொடுங்கள்
• அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்காதீர்கள்

"சுத்தம் செய்தல்" என்பது "தேய்த்துக் கழுவுங்கள்" ஆனதையும் கவனியுங்கள். நுளம்பு முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. எதை, எப்படி என்று கேட்க வைத்தது அந்த வினைதான்.

ஒன்று மட்டும்: முடிவு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக "2 நாள் நீடித்தால்" போன்ற நிபந்தனையை வெட்டிவிடாதீர்கள். ஒரு வரி கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஸ்லைட் செய்பவர்கள், அனுப்புவதற்கு முன் கடைசிச் சொற்களை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள்.