ஃப்ரீசரில் கத்தி வேண்டாம்

பிள்ளைகளே, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் தங்கை வீட்டு ஃப்ரீசரில் இரண்டு விரல் கனத்துக்குப் பனி. பால் பாக்கெட் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவள் கத்தியை எடுத்தாள், தடுத்துவிட்டேன். அந்த மெல்லிய அலுமினியச் சுவருக்குள்தான் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. ஒரு குத்து விழுந்தால் கேஸ் போய்விடும், செலவு ஆயிரக்கணக்கில். புது ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் அது தீப்பற்றக்கூடிய கேஸும்கூட.

பிளக்கைப் பிடுங்கி, சாமான்களை எடுத்து, கீழே பழைய துண்டுகளை விரித்தோம். ஃப்ரீசருக்குள் மடித்த துணிமேல் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, ஆற ஆற மாற்றினோம். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். ஈரமும் மின்சாரமும் ஆகாது. ஒரு மணி நேரத்தில் பனி பாளம் பாளமாகத் தானே கழன்றது. நன்றாகத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின்தான் பிளக்கை மாட்டினோம்.

இவ்வளவு பனி ஏன்? கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ்மூலையில் மட்டும் பிடிப்பில்லாமல் வந்தது. அந்த இடுக்கில் வெளிக்காற்றின் ஈரம் நுழைந்து பனியாகியிருக்கிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்ததும் தாளைப் பிடித்தது. பிடிக்காவிட்டால் ரப்பரை மாற்றத்தான் வேண்டும். இனி அரை சென்டிமீட்டர் சேர்ந்ததுமே குமிழ் நடுவிலுள்ள டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கிறேன்.