பாம்பா, கயிறா என்று கேட்டல்

ஹைதராபாத்தில் மொழியியல் முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக் கட்டத்தில் இருந்த ஒருவருக்குப் பெங்களூரு நிறுவனம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்திய மொழித் தரவுகளைக் கையாளும் பணி; வரும் வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொழில்நுட்பச் சுற்று; 60 நிமிடம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஐந்தாண்டு ஆய்வு உதவித்தொகை முடிய இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன. வேறெங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.

அன்றிரவே அவர் ஒரு பதில் எழுதினார். தொந்தரவுக்கு வருந்துவதாக முதற்பத்தி, தாம் கணினி அறிவியல் படித்தவர் அல்லர் என்ற விளக்கம் இரண்டாம் பத்தி, கடைசியில், "எந்தெந்தத் தலைப்புகளைப் படித்துவர வேண்டும் என்று தெரிவிக்க இயலுமா?" என்ற ஒற்றைக் கேள்வி. அனுப்புமுன் விடுதியில் அடுத்த அறையிலிருந்த மூத்த ஆய்வாளரிடம் காட்டினார்.

"இந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாதேம்மா" என்றார் மூத்தவர். "உன்னைத் தேர்வு செய்யப்போவது அவரல்லர். தலைப்பு எதுவென்று அவருக்கே தெரிந்திருக்காது. 'பணி விளக்கத்தைப் பாருங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்."

"கேட்காமலே விட்டுவிடட்டுமா அக்கா?"

"கேள். நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தாரே, நினைவிருக்கிறதா? நீ எழுதியிருப்பது அறியாவினா. அதை ஐயவினாவாக மாற்று."

அந்த வேறுபாடுதான் இங்கே முதன்மையானது. 'அது என்ன?' என்று கேட்பவர் விளக்கத்தின் முழுச் சுமையையும் எதிராளி மீது ஏற்றுகிறார். 'அது பாம்பா, கயிறா?' என்று கேட்பவர் தாம் அறிந்த அளவைத் தாமே சொல்லிவிட்டு, எஞ்சிய ஒன்றை மட்டும் கேட்கிறார். விடை தெரியாத அலுவலரும் அத்தகைய வினாவை அப்படியே தேர்வாளருக்கு அனுப்பி, ஒரு சொல்லில் விடை பெற்றுவிட முடியும்.

மறுநாட்காலை ஆங்கிலத்தில் சென்ற மடலின் சாரம் இது: "வியாழன் 3 மணிக்குக் கலந்துகொள்கிறேன். ஆயத்தத்துக்காக மூன்று ஐயங்கள். ஒன்று, அமர்வு முழுவதும் நிரல் எழுதுவதா, ஆய்வைப் பற்றிய உரையாடலும் உண்டா? இரண்டு, பணி விளக்கத்தைக் கொண்டு பைத்தானும் உரைப் பகுப்பாய்வும் இருக்கும் எனக் கருதுகிறேன். தரவுக் கட்டமைப்பு வினாக்களும் வருமா? மூன்று, நிரலை இயக்கிப் பார்க்க முடியுமா, எழுதிக் காட்டினால் போதுமா? இயக்குவதாயின் `regex` தொகுப்பு நிறுவப்பட்டிருக்குமா, பைத்தானுடன் வரும் நூலகங்கள் மட்டும்தானா?"

மூன்றாம் வினாவின் இறுதிப் பகுதி அற்பமாகத் தோன்றலாம். தமிழ் உரையைக் கையாள்பவருக்கு அது அற்பமன்று. பைத்தானுடன் வரும் `re` இவ்வாறு நடந்துகொள்கிறது:

```python
import re
re.findall(r"\w+", "தமிழ்")
# ['தம', 'ழ']
```

உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் `re` சொல்லின் உறுப்பாக ஏற்பதில்லை. அவ்விடங்களில் சொல்லை வெட்டிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு சொல் இரண்டாகி, எண்ணிக்கை மட்டும் தவறிப்போகும். `regex` தொகுப்பில் `\X` என எழுதினால் த, மி, ழ் என்று எழுத்தெழுத்தாகவே கிடைக்கும். அது இல்லாத இடத்தில் `[\u0B80-\u0BFF]+` என்று தமிழ் எழுத்துகளின் எல்லையைத் தாமே வரையறுக்க வேண்டும். ஆய்வேட்டுக்கான நிரல்கள் அனைத்தையும் அவர் `regex` கொண்டே எழுதிப் பழகியிருந்தார்.

பதில் இரண்டு நாளில் வந்தது. முதல் 15 நிமிடம் ஆய்வு குறித்த உரையாடல், எஞ்சியது நிரல். திரையைப் பகிர்ந்து இயக்கலாம். பைத்தான் ஆவணங்களைப் பார்க்கலாம். வெளித் தொகுப்புகள் கிடையா. தரவுக் கட்டமைப்பு வினாக்கள் குறித்து, "அதைச் சொல்வதற்கில்லை" என்று மட்டும் இருந்தது.

அந்த மறுப்பும் பயனற்றதன்று. தேர்வின் வடிவத்தைக் கேட்கலாம்; உள்ளடக்கத்தை நெருங்கும்போது கதவு மூடும் என்பதை அது காட்டியது. அவர் மீண்டும் வற்புறுத்தி எழுதவில்லை. நன்றி கூறி ஒரு வரி அனுப்பினார்.

எஞ்சிய நாட்களில் அவர் புதிதாக எதையும் படிக்கவில்லை. தம் பழைய நிரல்களை `regex` இல்லாமல் திரும்ப எழுதினார். முதல் முயற்சியில் தமிழ்ச் சொற்கள் அனைத்தும் துண்டுதுண்டாக உடைந்து திரையில் விழுந்தன. அது ஞாயிற்றுக்கிழமை இரவு, தம் அறையில் நிகழ்ந்தது. வியாழக்கிழமை, தேர்வாளர் முன் நிகழவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. அந்த மடல் வேலையைப் பெற்றுத் தரும் என்று யாரும் கருதவுமில்லை. தெரியாமற்போனது மொழியா, கருவியா என்ற குழப்பத்தோடு அவர் அந்த அமர்விலிருந்து எழ வேண்டியிருக்கவில்லை.